லூப்பை முதலில் மேனுவலுக்கு மாற்று, அப்புறம் ட்யூனிங்கில் கை வை: ஸ்டார்ச் ஆலைத் தம்பியின் கேள்விகளும் என் பதில்களும்

சார், ஆத்தூர் பக்கம் ஒரு ஸ்டார்ச் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஃபிளாஷ் டிரையரின் அவுட்லெட் டெம்பரேச்சர் 53க்கும் 59க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. செட்பாயிண்ட் 56. கெயின் 4.5, இன்டெக்ரல் டைம் 20 செகண்ட். கெயினைக் குறைத்தால் நின்றுவிடும் என்று தோன்றுகிறது. குறைக்கட்டுமா?

தம்பி, நீ நினைப்பது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் லூப் ஆட்டோவில் இருக்கும்போது, அதாவது கன்ட்ரோலரே ஸ்டீம் வால்வை நகர்த்திக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணைத் தொடாதே. முதலில் மேனுவலுக்கு மாற்று, வால்வுக்குப் போகும் அவுட்புட்டை ஒரு நல்ல இடத்தில் நிறுத்து, வெப்பநிலை அடங்கும்வரை பார், அதன் பிறகு எண்களை மாற்று. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் இதே தப்பைச் செய்தவன். பல வருடத்துக்கு முன், வேறொரு ஆலையில், குச்சிக்கிழங்கு சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி. டிரையர் இப்படித்தான் ஆடியது. ஆட்டோவில் வைத்தபடியே கெயினை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். ஸ்டீம் வால்வின் ஸ்டெம் என் கண்ணெதிரே சரசரவென்று இறங்கியது. நான் பழைய எண்ணைத் தேடிப் போடுவதற்குள் அவுட்லெட் குளிர்ந்துவிட்டது. ஃபீடர் ஸ்க்ரூவோ ஈர மாவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் பிளோயரின் சத்தம் கனத்தது. சைக்ளோனுக்கு அடியில் இருக்கும் ரோட்டரி வால்வைத் திறந்து பார்த்தால், பொடியாக விழ வேண்டிய மாவு பிசைந்த மாவு மாதிரி சுவரெல்லாம் அப்பியிருந்தது. விடியும்வரை நான்கு பேர் மரக்கட்டையால் சுரண்டினார்கள். அதில் ஒருவருக்குக் கை சிராய்த்துக்கொண்டது. அந்தக் கை இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒரே ஒரு எண்ணைத்தானே மாற்றுகிறோம்? வெப்பநிலை செட்பாயிண்டிலேயே இருந்தால்கூட அவுட்புட் ஏன் குதிக்க வேண்டும்?

உன் திரையில் தெரியும் அவுட்புட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். பல கன்ட்ரோலர்கள் உள்ளே போடும் கணக்கு இதுதான்.

```
OUT = Kc × ( e + S / Ti )
```

Kc என்பது கெயின், Ti என்பது இன்டெக்ரல் டைம். e என்பது இந்த நொடியில் உள்ள பிழை, அதாவது செட்பாயிண்டுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். S என்பது இதுவரை சேர்ந்து வந்த பிழைகளின் கூட்டல். வெப்பநிலை சரியாக 56இல் இருக்கும்போது e பூஜ்யம். ஆனாலும் வால்வு மூடிக்கொள்வதில்லை, ஏறக்குறைய 48 சதவீதம் திறந்திருக்கிறது. அந்த 48 முழுவதும் சேர்ந்துபோன அந்தக் கூட்டலிலிருந்து வருகிறது. கெயின் 4.5 என்றால் அடைப்புக்குள் இருக்கும் மதிப்பு 10.67.

இப்போது நீ 4.5ஐ எடுத்துவிட்டு 1.25 போடுகிறாய் என்று வை. (1.25 எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.) அடைப்புக்குள் இருக்கும் 10.67 அப்படியே இருக்கிறது, வெளியே பெருக்கும் எண்தான் மாறிவிட்டது. 10.67ஐ 1.25ஆல் பெருக்கினால் 13.3. வெப்பநிலையில் எந்தக் குறையும் இல்லாதபோது, கண் இமைக்கும் நேரத்தில் வால்வு 48லிருந்து 13க்கு இறங்குகிறது. இன்டெக்ரல் அதை மறுபடி ஏற்றிக் கொண்டுவரும், ஆனால் அதற்குள் அவுட்லெட் ஒன்பது, பத்து டிகிரி விழுந்துவிடும். கூடவே இன்டெக்ரல் டைமையும் 20லிருந்து 60க்கு மாற்றினாயானால், அதுவும் மூன்றால் வகுத்துவிடும். அவுட்புட் 4.4 சதவீதத்துக்கே போய்விடும்.

மேனுவலில் இருந்தால் இந்தக் கணக்கின் விடை வால்வுக்குப் போவதே இல்லை. நீ வைத்த எண்தான் போகிறது. ஆட்டோவுக்குத் திரும்பும் நொடியில் கன்ட்ரோலர் புது கெயினையும் புது இன்டெக்ரல் டைமையும் வைத்துக்கொண்டு, இப்போது வால்வு இருக்கும் இடம் வரும்படி S எவ்வளவாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் குதிப்பதில்லை.

எங்களுடையது புதிய கன்ட்ரோலர் சார். அதிலுமா இப்படி?

எல்லாவற்றிலும் இப்படி இல்லை. கெயினால் பெருக்கிய பிறகே இன்டெக்ரலைச் சேர்த்து வைப்பவை உண்டு. அவற்றில் பிழை பூஜ்யமாக இருக்கும்போது மாற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் உன் லூப் ஆடுகிறதே! வெப்பநிலை 53இல் இருக்கும் நொடியில் மாற்றினால், அந்த 3 டிகிரிப் பிழை 4.5க்கு பதில் 1.25ஆல் பெருகும். அவுட்புட் பத்து சதவீதம் சட்டென்று இறங்கும். இன்னொரு வகை, முழு அவுட்புட்டைக் கணக்கிடாமல் ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று மட்டும் கணக்கிடும். அதில் மாற்றிய நொடியில் குதிப்பே இருக்காது.

உன்னுடையது எந்த வகை என்று ஓடுகிற டிரையரில் சோதிக்காதே. அதே மாடலில் ஒரு ஸ்பேர் கன்ட்ரோலர் ஸ்டோரில் இருக்கும். மேஜையில் வைத்து, இன்புட்டுக்கு கேலிப்ரேட்டரிலிருந்து ஒரு நிலையான சிக்னல் கொடு. செட்பாயிண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து அவுட்புட் நாற்பது, ஐம்பது வரை ஏறட்டும். பிறகு செட்பாயிண்டை இன்புட்டுக்குச் சமமாக்கு. அவுட்புட் நின்றதும் கெயினைப் பாதியாக்கிப் பார். அவுட்புட்டும் பாதியானால் முதல் வகை. அப்படியே நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. பத்து நிமிட வேலை.

எந்த வகையாக இருந்தாலும் நான் மேனுவலுக்குத்தான் மாற்றச் சொல்வேன். குதிப்பு ஒரு காரணம் மட்டும்தான். அடுத்த காரணம் விரல்.

விரல் என்றால்? எண் தப்பாக அழுத்துவதா?

ஆமாம், புள்ளி இடம் மாறுவதும் அலகு மாறுவதும். 1.25 போட வேண்டிய இடத்தில் 12.5 விழுந்தால் ஆட்டோவில் அந்த நொடியே வால்வு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட ஆரம்பிக்கும். மேனுவலில் என்றால், போட்டதைத் திரும்பப் படித்துப் பார்க்க உனக்கு நேரம் இருக்கிறது.

அலகு இன்னும் மோசம். சில கன்ட்ரோலரில் கெயின் கேட்பதில்லை, ப்ரொபோர்ஷனல் பேண்ட் கேட்கும். அது நூறை கெயினால் வகுத்தால் வரும் எண். கெயின் 1.25 என்றால் பேண்ட் 80. பேண்ட் கேட்கும் இடத்தில் 1.25 என்று போட்டால் கெயின் 80 ஆகிவிடும். இன்டெக்ரலும் அப்படித்தான். ஒன்றில் செகண்ட், இன்னொன்றில் நிமிடம், பழைய மாடல்களில் நிமிடத்துக்கு எத்தனை ரிபீட் என்ற கணக்கு. 60 செகண்ட் என்று நினைத்து நீ போடும் 60, ரிபீட் கணக்கில் ஒரு செகண்டாகிவிடும். மேனுவல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்.

ஆடிக்கொண்டிருக்கும் லூப்பை எந்த நொடியில் மேனுவலுக்கு மாற்றுவது?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நல்லவேளையாக நீ கேட்டாய். மேனுவலுக்கு மாற்றியதும் அவுட்புட், மாற்றிய நொடியில் எங்கே இருந்ததோ அங்கேயே உறைந்துவிடும். உன் ட்ரெண்டில் அவுட்புட் 30க்கும் 66க்கும் நடுவே ஆடும் என்று நினைக்கிறேன், பார்த்துக்கொள். 66இல் உறைந்தால் அவுட்லெட் கொஞ்ச நேரத்தில் 67 டிகிரிக்கு அருகில் போய் நிற்கும். 30இல் உறைந்தால் 45க்கு இறங்கி மாவு ஈரமாக வரும். பொத்தானை அழுத்திவிட்டு நோட்டை எடுக்கத் திரும்பினால் போதும், வேலை கெட்டுவிடும்.

அதனால் அழுத்துவதற்கு முன்பே ட்ரெண்டில் ஐந்தாறு அலைகளின் உச்சியையும் அடியையும் பார்த்து நடுவைக் குறித்து வை. 30க்கும் 66க்கும் நடு 48. அவுட்புட் 48ஐக் கடக்கும்போது அழுத்து. தவறிவிட்டால் பரவாயில்லை, அழுத்திய கையோடு 48 என்று போட்டுவிடு. வெப்பநிலை இன்னும் இரண்டொரு நிமிடம் ஏறி இறங்கும், அது பழைய சூட்டின் மிச்சம். பொறுமையாக இரு.

நான் வேலைக்கு வந்த காலத்தில் 3 முதல் 15 பிஎஸ்ஐ காற்றில் ஓடும் கன்ட்ரோலர்கள். அதில் ஆட்டோ காற்றழுத்தத்தையும் கைக் காற்றழுத்தத்தையும் குமிழைத் திருகி ஒன்றுக்கொன்று சமமாக்கிவிட்டுத்தான் லீவரைத் தள்ளுவோம். சமமாக்காமல் தள்ளினால் வால்வு அடித்துக்கொள்ளும். இப்போது அந்தச் சமமாக்கும் வேலையைக் கன்ட்ரோலரே செய்கிறது. ஆனால் ஆடுகிற அலையின் நடு எது என்று அதற்குத் தெரியாது. அதை நீதான் பார்க்க வேண்டும்.

வால்விலேயே ஹேண்ட் வீல் இருக்கிறதே, அதைப் பிடித்து வைத்தாலும் அதே கதைதானே?

இல்லை. ஹேண்ட் வீலில் பிடித்தால் கன்ட்ரோலர் இன்னும் ஆட்டோவில்தான் இருக்கும். வால்வு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரியாமல் பிழையைக் கூட்டிக்கொண்டே போய் அவுட்புட்டை 0க்கோ 100க்கோ கொண்டு நிறுத்தும். ஹேண்ட் வீலை விட்டதும் வால்வு அங்கே ஓடும். பைபாஸ் வால்வைத் திறந்து வைப்பதும் இதே மாதிரிதான். நான் மேனுவல் என்று சொல்வது கன்ட்ரோலரின் `A/M` பொத்தானை மட்டும்.

மேனுவலுக்கு மாற்றியதும் ஆட்டம் நின்றால் ட்யூனிங்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாதி எடுத்துக்கொள்ளலாம். நிற்கவில்லை என்றால் பதில் தெளிவு: ஆட்டம் வெளியிலிருந்து வருகிறது, கெயினை என்ன செய்தாலும் போகாது. அப்போது பாய்லர் ஸ்டீம் பிரஷரின் ட்ரெண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார். சென்ட்ரிஃப்யூஜ் ஒவ்வொரு பேட்சாக ஈர மாவைக் கொட்டுகிறதா, அந்த இடைவெளியும் இந்த அலையின் இடைவெளியும் ஒன்றா என்று பார். ஒரு தடவை மூன்று நாளாக எல்லோரும் ட்யூனிங்கைத் திருகிக்கொண்டிருந்தார்கள். லூப்பை மேனுவலில் போட்ட பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது, அலை அப்படியே தொடர்ந்தது. ஃபீடர் ஹாப்பரில் மாவு பாலம் கட்டி, விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஆட்டம் நின்றாலும் இன்னொரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. வால்வின் பேக்கிங் இறுகி ஸ்டெம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஆட்டோவில் ஆடும், மேனுவலில் நிற்கும். காரணம், சின்னச் சின்ன மாற்றத்துக்கு வால்வு நகராது. இன்டெக்ரல் தள்ளித் தள்ளி ஒரு கட்டத்தில் வால்வு துள்ளிக் குதிக்கும், தேவைக்கு மேல் போய்விடும். பிறகு எதிர்ப் பக்கம் அதே கதை.

இதைக் கண்டுபிடிக்கவும் மேனுவல்தான் வேண்டும். 48இல் அடங்கியிருக்கும்போது அவுட்புட்டை அரை அரை சதவீதமாக ஏற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் பொறு. வால்வுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று ஸ்டெம்மின் முள்ளைப் பார்க்கட்டும், நீ கன்ட்ரோல் ரூமில் வெப்பநிலையைப் பார். 48.5, 49, 49.5 என்று போயும் முள் அசையாமல் 50.5இல் திடீரென்று தாவினால் அந்த வால்வுக்கு இரண்டரை சதவீத ஒட்டல் இருக்கிறது. அப்போது ட்யூனிங்கை மூடிவிட்டு மெயின்டனன்ஸுக்கு எழுது. ஒட்டும் வால்வுக்கு நல்ல எண் என்று எதுவும் கிடையாது.

சரி, வால்வு நன்றாக இருக்கிறது, வெப்பநிலையும் அடங்கிவிட்டது. புது எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் மேனுவலின் பெரிய லாபம். ஆட்டோவில் நீ பார்ப்பது டிரையரையும் கன்ட்ரோலரையும் கலந்து. இரண்டில் எது என்ன செய்கிறது என்று பிரிக்கவே முடியாது. மேனுவலில் டிரையர் மட்டும் தனியாக இருக்கிறது, அதனிடமே கேட்டுவிடலாம்.

அவுட்புட் 48, வெப்பநிலை 56இல் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கட்டும். ஃபீடர் வேகத்தை யாரும் தொடக் கூடாது என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிடு. பிறகு அவுட்புட்டை ஒரே அடியில் 53 ஆக்கு, கடிகாரத்தைப் பார். இதுதான் ஸ்டெப் சோதனை. உன் டிரையர் மாதிரி ஒன்றில் கிடைக்கும் எண்களை வைத்துச் சொல்கிறேன், நீ உன் எண்ணைப் போட்டுக்கொள்.

முதல் 20 செகண்ட் வெப்பநிலை அசையாது. ஸ்டீம் போய் ரேடியேட்டரின் குழாய் சூடாகி, அந்தக் காற்று டக்ட் வழியாக வந்து வெப்பநிலை அளக்கும் ஆர்டிடியைத் தொட வேண்டும் அல்லவா? அது இறந்த நேரம். அப்புறம் ஏற ஆரம்பித்து, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் போய், நாலரை நிமிட வாக்கில் 59இல் நிற்கும். மொத்தம் 3 டிகிரி. அதில் 63 சதவீதம் என்றால் 1.9 டிகிரி. 57.9ஐத் தொட்ட நேரத்தைப் பார்த்தால் 80ஆவது செகண்ட். இறந்த நேரம் 20ஐக் கழித்தால் 60 செகண்ட், அது டைம் கான்ஸ்டன்ட்.

அடுத்தது டிரையரின் கெயின். டிரான்ஸ்மிட்டர் ரேஞ்ச் 0 முதல் 100 டிகிரி என்றால் 3 டிகிரி என்பது 3 சதவீதம். 5 சதவீதம் கொடுத்து 3 சதவீதம் வாங்கினோம், ஆக 0.6. ரேஞ்ச் 0 முதல் 200 என்றால் அதே 3 டிகிரி 1.5 சதவீதம்தான், கெயின் 0.3 ஆகிவிடும், கன்ட்ரோலரில் போட வேண்டிய எண் இரண்டு மடங்காகும். டிகிரியை அப்படியே வகுத்துவிட்டு ஏன் சரியாக வரவில்லை என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரேஞ்சைப் பார்க்காமல் கணக்கை ஆரம்பிக்காதே.

இனி கணக்கு. லாம்டா முறை என்று சொல்வார்கள். ஆட்டோவில் லூப் எவ்வளவு நிதானமாகத் திரும்பி வர வேண்டும் என்று நீயே முடிவு செய்யும் நேரம்தான் லாம்டா. டிரையருக்கு நான் இறந்த நேரத்தைப் போல மூன்று மடங்கு வைப்பேன், அதாவது 60 செகண்ட்.

```
Kc = T / ( K × (λ + θ) ) = 60 / ( 0.6 × (60 + 20) ) = 1.25
Ti = T = 60 s
```

இதில் T டைம் கான்ஸ்டன்ட், K டிரையரின் கெயின், θ இறந்த நேரம், λ லாம்டா. அந்த 1.25 இங்கிருந்துதான் வந்தது. இதே டிரையருக்கு 4.5, 20 செகண்ட் என்று வைத்தால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒரு அலையாக ஓயாமல் ஆடும். உன் ட்ரெண்டில் அலையின் நீளம் அவ்வளவுதானா என்று பார். இருந்தால் காரணம் ட்யூனிங்தான் என்று நிம்மதியாக நம்பலாம்.

53இல் நின்ற பிறகு அவுட்புட்டை 48க்குத் திருப்பிக் கொண்டு வந்து இறக்கத்தையும் பதிவு செய். ஏறும்போது 3, இறங்கும்போது 2.9 என்றால் நம்பலாம். ஏறும்போது 3, இறங்கும்போது 1 என்றால் நடுவில் ஃபீடு மாறியிருக்கிறது, அல்லது வால்வு ஒட்டுகிறது. அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்.

டிரையர் மேனுவலில் இருக்கும்போது ஆபத்து எதுவும் இல்லையா?

இருக்கிறது. இதை நீ மறக்கவே கூடாது. மேனுவலில் வால்வு யாருக்காகவும் நகராது. ஸ்க்ரூ ஃபீடர் ட்ரிப் ஆகி ஈர மாவு வருவது நின்றால், உலர்த்த ஈரம் இல்லாத சூடான காற்று அப்படியே அவுட்லெட்டுக்கு வரும். ஆட்டோவில் இருந்தால் கன்ட்ரோலர் ஸ்டீமை மூடியிருக்கும். மேனுவலில் 48 சதவீதம் திறந்தே கிடக்கும். டக்ட்டிலும் சைக்ளோனிலும் மிதப்பது காய்ந்த ஸ்டார்ச் தூசி. காற்றில் கலந்த ஸ்டார்ச் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

ஆகவே ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு மட்டும் தொடு. அவுட்லெட் ஹை டெம்பரேச்சர் ட்ரிப் வேலை செய்கிறதா, யாரும் பைபாஸ் செய்து வைக்கவில்லையா என்று முதலில் பார். அந்த ட்ரிப் ஸ்டீமைத் தனி ஷட்டாஃப் வால்வில் மூடுகிறதா, அல்லது கன்ட்ரோலரின் அவுட்புட் வழியாக மூடுகிறதா என்றும் தெரிந்துகொள். இரண்டாவது வகை என்றால் மேனுவலிலும் அது செயல்படுமா என்று லாஜிக்கைப் படித்து உறுதி செய்யாமல் மாற்றாதே. ஃபீடர் பக்கத்தில் வாக்கி டாக்கியோடு ஒருவர் இருக்க வேண்டும். அவர் ‘ஃபீடு நின்னுடுச்சு’ என்று சொன்ன நொடியில் நீ அவுட்புட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை உன் கை அந்தக் கன்ட்ரோலரை விட்டுப் போகக் கூடாது, டீ வந்தாலும்.

எங்கள் பாய்லர் டிரம் லெவலுக்கும் இதே முறையா?

அதே முறையில் செய்யாதே. டிரையரை மேனுவலில் விட்டால் ஏதோ ஒரு வெப்பநிலையில் போய் நின்றுவிடும். டிரம் லெவல் நிற்காது. வரும் தண்ணீரும் போகும் ஸ்டீமும் கொஞ்சம் வேறுபட்டாலும் ஏறிக்கொண்டே போகும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டே போகும். எண் மாற்றும் அரை நிமிடத்துக்கு மேனுவல் சரி, அதுவும் பாய்லர் ஆபரேட்டர் கேஜ் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதில் நீ ஸ்டெப் சோதனை செய்ய இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்.

ஒரு கன்ட்ரோலரின் அவுட்புட் இன்னொன்றுக்கு செட்பாயிண்டாகப் போகும் கேஸ்கேடு லூப் என்றால் உள் லூப்பை மேனுவலில் போடும்போது வெளி லூப் அதைத் தொடர்ந்து டிராக் செய்கிறதா என்று பார்த்துக்கொள். செய்யவில்லை என்றால் முதலில் வெளி லூப்பை மேனுவலில் போடு.

புது எண்களைப் போட்டாயிற்று. ஆட்டோவுக்குத் திரும்பும்போது என்ன பார்க்க வேண்டும்?

செட்பாயிண்டைப் பார். சில கன்ட்ரோலரில் மேனுவலில் இருக்கும்போது `SP` தானாக `PV`யோடு, அதாவது அளக்கும் வெப்பநிலையோடு கூடவே நகரும். சிலவற்றில் 56லேயே நிற்கும். வெப்பநிலை 54.5 என்றால் செட்பாயிண்டை நீயே 54.5க்குக் கொண்டு வா, பிழை பூஜ்யமாகட்டும், பிறகு ஆட்டோ அழுத்து. அவுட்புட் அசையாமல் இருந்தால் மாற்றம் சுத்தமாக நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அரை அரை டிகிரியாக 56க்கு ஏற்று.

பத்து நிமிடம் ஓடவிட்டு, செட்பாயிண்டை 58 ஆக்கிப் பார். அவுட்புட் உடனே இரண்டரை சதவீதம் ஏறி 50.5இல் நிற்கும், பிறகு மெல்ல நகர்ந்து 51.3 வாக்கில் அடங்கும். வெப்பநிலை நாலைந்து நிமிடத்தில் 58க்கு வந்து, பெரிதாகத் தாண்டாமல் உட்காரும். அவுட்புட் குதித்தாலோ வெப்பநிலை இரண்டு மூன்று முறை தாண்டித் தாண்டி ஆடினாலோ மறுபடி மேனுவல், மறுபடி 48, பழைய எண்கள். பழைய எண்களை ஆரம்பிக்கும் முன்பே லாக் புக்கில் எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். கெயின், இன்டெக்ரல், டெரிவேட்டிவ், ஃபில்டர், அவுட்புட் லிமிட் எல்லாவற்றையும் எழுது, ஞாபகத்தை நம்பாதே.

பகலில் அருமையாக ஓடுகிற லூப் மழை ராத்திரியில் வேறு மாதிரி நடக்கிறதே, அது ஏன்?

சேர்வராயன் மலையில் மேகம் இறங்கி மழை பிடித்தால் பிளோயர் உறிஞ்சும் காற்றே குளிர்ந்து ஈரமாக இருக்கும். அதே 56ஐப் பிடிக்க வால்வு 48க்கு பதில் 60 வரைகூடத் திறக்க வேண்டியிருக்கும். அந்தத் திறப்பில் வால்வின் ஒரு சதவீதம் பகலில் கொடுத்த அளவு ஸ்டீமைக் கொடுக்காது, கூடவோ குறையவோ கொடுக்கும். டிரையரின் கெயினே மாறிவிடுகிறது. அதனால்தான் லாம்டாவை மூன்று மடங்கு வைத்து நிதானமாக ட்யூன் செய்யச் சொன்னேன், அந்த மாற்றத்தை அது தாங்கும். இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று உன் மேனேஜர் கேட்டால், ஈரமான ராத்திரி ஒன்றில் இதே ஸ்டெப் சோதனையை மறுபடி செய்து, டிரையரின் இரண்டு கெயினில் எது பெரிதோ அதை வைத்துக் கணக்குப் போடு.

முதல் சோதனையை மழை இல்லாத ஒரு மதியத்தில், சென்ட்ரிஃப்யூஜ் ஒரே சீராக ஓடும் நேரத்தில் வைத்துக்கொள். 48லிருந்து 53க்குப் போன ட்ரெண்டையும் திரும்பி வந்த ட்ரெண்டையும் ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சையும் ஃபீடர் வேகத்தையும் மேலே எழுதி எனக்கு அனுப்பு. எண்ணைப் போடுவதற்கு முன்பே அனுப்பு. நானும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.